ஜீவனாம்ச மனுவா, விளம்புகை வழக்கா?

திருமணம் ஆகாமல் பிறந்த குழந்தை, தன் குழந்தை இல்லை என்று அப்பா மறுக்கிறார். மாதச் செலவுக்குப் பணம் கேட்டு ஜீவனாம்ச மனு போடலாம், அல்லது இவர்தான் தந்தை என்று நீதிமன்றம் அறிவிக்கக் கேட்டு விளம்புகை வழக்கு போடலாம். இந்து குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்.

செலவும் நேரமும்
மனு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-ஆம் பிரிவு): செலவு குறைவு. நோட்டீஸ் போனபின் இடைக்காலத் தொகையை இயன்றவரை 60 நாளில் முடிவு செய்யச் சட்டம் சொல்கிறது.
விளம்புகை வழக்கு: ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

நிரூபணம்
இரண்டிலும் டி.என்.ஏ. சோதனை கேட்கலாம், கேட்டதும் கிடைக்காது. பிரசவ அட்டையில் அவர் பெயர், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, பணம் போட்ட பாஸ்புக் வரி என ஏதாவது முதலில் காட்ட வேண்டும். உத்தரவு வந்தும் ரத்தம் கொடுக்க மறுத்தால், அதையே அவருக்கு எதிராக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

எதுவரை பலன்
மனு: மாதத் தொகை மட்டும். தராவிட்டால் வாரண்ட், சிறை. ஆனால் பாக்கியை ஓராண்டுக்குள் கேட்டுவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.
வழக்கு: தந்தை இவர்தான் என்ற உறுதியான தீர்ப்பு.

சரி, சொத்து? தந்தை என்று தீர்ப்பு வந்தாலும் வாரிசுரிமை தானாக வராது. செல்லாத திருமணத்தில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் சொத்தில் பங்கு உண்டு. திருமணமே நடக்காவிட்டால் அப்பா சொத்தில் அதுவும் இல்லை. நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் திருமணம் நடந்ததாக ஊகிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. அந்தச் சான்று இருந்தால்தான் சொத்துக்காக வழக்கு போடுவதில் அர்த்தம்.

பால், பள்ளிச் செலவு அவசரமென்றால் மனு போதும். அப்பா இணங்கி வருபவரானால் இரண்டையும் விட, பதிவு செய்த செட்டில்மெண்ட் பத்திரம் மேல். உயில் போதாது, அதை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம்.