வாழை இலைச்சாற்றில் வைரஸ் தேடுதல்: நெகட்டிவ் ஸ்டெயினிங் பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பூவன் வாழையில் மஞ்சள் கோடு விழுந்த இலையை வைத்துக்கொண்டு, இது எந்த வைரஸ் என்று கண்ணால் சொல்ல முடியாது. வெள்ளரி மொசைக் வைரஸும் (சி.எம்.வி.) வாழைக் கோட்டு வைரஸும் (பி.எஸ்.வி.) ஆரம்பத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கோடுகளைத்தான் போடும். சாதாரண மைக்ராஸ்கோப் 200 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதைப் பிரித்துக் காட்டாது. சி.எம்.வி. சுமார் 29 நானோமீட்டர் உருண்டை. பி.எஸ்.வி. அகலத்தில் 30, நீளத்தில் 130 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும் குட்டிக் கோல். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பார்த்தால் குழப்பத்துக்கே இடமில்லை. இந்த ஒரு வேலைக்காகவே நெகட்டிவ் ஸ்டெயினிங்கை நான் இன்னும் கைவிடவில்லை.

விஷயம் எளிது. வைரஸுக்குச் சாயம் ஏற்றுவதில்லை, அதைச் சுற்றி ஏற்றுகிறோம். தேங்கிய மழைத்தண்ணீர் வற்றும்போது கூழாங்கல்லைச் சுற்றிச் சேறு படிவதுபோல, கன உலோக உப்பு வைரஸைச் சுற்றி உலர்ந்து படிகிறது. உலோகம் எலக்ட்ரான்களைச் சிதறடிப்பதால் பின்புலம் கறுப்பாகவும் வைரஸ் வெளுப்பாகவும் தெரியும். 1959-இல் பிரென்னரும் ஹார்னும் பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தை (பி.டி.ஏ.) வைத்து இதை யாரும் செய்யக்கூடிய முறையாக்கினார்கள். இன்றும் செய்முறை பெரிதாக மாறவில்லை.

என் வழக்கம் இது. இலைத்துண்டைப் பஃபரில் அரைக்கிறேன். வாழைக்கறை இருக்கிறதே, அதுதான் முதல் எதிரி. சாறு நிமிடத்தில் பழுப்பாகிப் பிசுபிசுத்துவிடும், அதனால் பஃபரில் சோடியம் சல்பைட்டும் பி.வி.பி.யும் சேர்ப்பேன். சாற்றை ஒருமுறை மெதுவாகச் சுழற்றி மேல்நீரை எடுத்து, கார்பன் படலம் போட்ட செப்புக் கிரிட்டின் மேல் 5 மைக்ரோலிட்டர் வைப்பேன். கிரிட் 3 மில்லிமீட்டர் வட்டம், பார்க்கப் பொட்டு மாதிரிதான் இருக்கும். ஒரு நிமிடம் கழித்து ஃபில்டர் பேப்பரை ஓரத்தில் தொட்டு ஈரத்தை உறிஞ்சி, வடிகட்டிய நீரில் நன்றாக அலசிய பிறகு 2 சதவீத யுரேனைல் அசிடேட் வைப்பேன். அரை நிமிடத்தில் அதையும் உறிஞ்சிவிட்டு உலர விடுவேன்.

அலசுவதைச் சிக்கனப்படுத்தக் கூடாது. யுரேனைல் உப்பு பாஸ்பேட் பஃபரைப் பார்த்தால் வீழ்படிவாகிவிடும். படம் முழுக்க ஊசி ஊசியாகவோ கருந்துகளாகவோ தெரிந்தால், வைரஸைத் தேடாதீர்கள். மறுபடியும் கிரிட் போடுங்கள்.

அப்புறம் படலம் நீரை ஏற்க வேண்டும். புதுக் கார்பன் படலத்தில் சொட்டு தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். அப்படிப்பட்ட கிரிட்டில் சாயம் திட்டுத்திட்டாகத் தேங்கும், வைரஸும் ஒட்டாது. வெற்றிடத்தில் சில விநாடி பிளாஸ்மா கொடுத்தால், அதாவது குளோ டிஸ்சார்ஜ் செய்தால், சொட்டு தட்டையாகப் பரவும். இந்தக் குணம் நெடுநேரம் நிற்காது. அன்றைக்குச் செய்த கிரிட்டை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தச் சொட்டைத்தான். வைரஸ் படம் பிறகு.

சாயத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலருக்கும் இடறுகிறது. பி.டி.ஏ.வை நடுநிலை pH-க்குக் கொண்டுவந்து பயன்படுத்தலாம், கதிரியக்கத் தொல்லை இல்லை, சுத்தமான படம் தரும். ஆனால் சி.எம்.வி.யை அது கலைத்துவிடும். இந்த வைரஸின் புரத உறையும் ஆர்.என்.ஏ.வும் பெரும்பாலும் மின்னேற்றக் கவர்ச்சியில்தான் சேர்ந்து நிற்கின்றன, பி.டி.ஏ. அந்தப் பிடிப்பைக் குலைக்கிறது. எனவே நோய் நிறைந்த இலையிலும் கிரிட் வெறிச்சோடிக் கிடக்கும், ‘வைரஸ் இல்லை’ என்று எழுதிவிடுவீர்கள். அதே சாற்றை யுரேனைல் அசிடேட்டில் பார்த்தால், நடுவில் கருப்புப் புள்ளியோடு உருண்டைகள் குவிந்திருக்கும். யுரேனைல் அமிலத்தன்மை உள்ளது, pH சுமார் 4.5. அந்த அமிலத்தைத் தாங்காத வைரஸ்களும் உண்டு. தெரியாத மாதிரி வந்தால் இரண்டு சாயத்திலும் ஒவ்வொரு கிரிட் போடுவதுதான் என் பழக்கம். நேரம் இல்லையென்றால் வாழைக்கு யுரேனைல் மட்டும் போதும். யுரேனைல் கரைசலை வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும், கழிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அந்தக் காகித வேலை எரிச்சல்தான்.

பார்க்கும்போது முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் கட்டம் கட்டமாகப் போய்ச் சாயம் மிதமாகப் படிந்த இடத்தைத் தேடுவேன். பிறகு 30,000 மடங்குக்கு மேல் போனால் வைரஸ் தெரியும். உருண்டையாக எதைப் பார்த்தாலும் சி.எம்.வி. என்று துள்ளக் கூடாது. இலைச்சாற்றில் ரைபோசோம்கள் ஏராளம், அவையும் 25 நானோமீட்டர் அளவில் இருக்கும். அவற்றின் ஓரம் ஒழுங்கற்றது, அளவும் ஒன்றுக்கொன்று சற்று மாறும். வைரஸ்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அளவில் சந்தேகம் வந்தால் புகையிலை மொசைக் வைரஸைச் சிறிது கலந்துவிடுவேன். அதன் அகலம் 18, நீளம் 300 நானோமீட்டர். கிரிட்டிலேயே ஸ்கேல் வைத்த மாதிரி. உலரும்போது வைரஸ்கள் சற்றுத் தட்டையாகும் என்பதால் இந்த ஒப்பீடு முக்கியம்.

இனி ஒரு மாதிரியின் கதை. பூவன் தாய்ச்செடி ஒன்றின் இலை, வைரஸின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனையில் பி.எஸ்.வி. பாசிட்டிவ். அதை வைத்துத் திசு வளர்ப்புக்கு எடுக்கலாமா என்று கேள்வி. பூவனில் பல்பிசியானா என்ற காட்டு வாழையின் மரபுப் பங்கு உண்டு. பல்பிசியானா குரோமோசோமிலேயே பி.எஸ்.வி.யின் டி.என்.ஏ. துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். பி.சி.ஆர். அந்தத் துண்டையும் பிடித்துப் பாசிட்டிவ் சொல்லும், வைரஸ் துகள் உருவாகியிருக்க வேண்டிய அவசியமில்லை. எனவே துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

சாதாரணச் சாற்றில் ஒன்றும் இல்லை. பி.எஸ்.வி. இலையில் குறைவாகவும் சீரின்றியும் இருக்கும், அதனால் வெறுமனே அரைத்துப் பார்த்தது போதாது. கிரிட்டின் மேல் முதலில் பி.எஸ்.வி. ஆன்டிசீரம் பூசி, அதன் மேல் சாற்றை இரவு முழுக்கக் குளிரில் விட்டோம். 1973-இல் டெரிக் காட்டிய முறை இது, ஆன்டிபாடி வைரஸை வலைபோட்டுப் பிடித்துக்கொள்ளும். காலையில் கழுவி, சாயம் வைத்துப் பார்த்தால் குட்டிக் கோல்கள் ஆங்காங்கே நின்றன. ஆன்டிசீரம் இல்லாத பக்கத்துக் கிரிட்டில் தேடித்தான் ஒன்றிரண்டு கிடைத்தது. தாய்ச்செடி ஒதுக்கப்பட்டது. துகள் தெரியாமல் போயிருந்தாலும் ‘வைரஸ் அற்றது’ என்று எழுதியிருக்க மாட்டேன். ‘இந்த இலையில், இந்த முறையில் தெரியவில்லை’ என்று மட்டும்தான் எழுதுவேன்.

இந்த முறையின் எல்லைகளும் இதையொட்டித்தான். வாழை முடிக்கொத்து வைரஸ் 18–20 நானோமீட்டர், செடியின் உணவு கடத்தும் திசுவான ஃபுளோயத்துக்குள் அடங்கிக் கிடப்பது. அதை இலைச்சாற்றில் தேடி நேரத்தை வீணாக்க மாட்டேன், நேரே பி.சி.ஆர். பி.எஸ்.வி.யில் பல இனங்கள் உண்டு, கோல் வடிவம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், எந்த இனம் என்று படம் சொல்லாது. சாயத்தின் மணிகளே 2 நானோமீட்டர் அளவுக்கு இருப்பதால் அதைவிட நுணுக்கமான விவரமும் கிடைக்காது.

இலை அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: கோடு இன்னும் மஞ்சளாக இருக்கும் இளம் இலையை வெட்டுங்கள், கருகிய பகுதி வேண்டாம். ஈரமான காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். செடியில் எந்த இடத்து இலை என்று மேலே எழுதிவிடுங்கள்.