சுடுதண்ணி வரலைன்னா ரிசப்ஷனில் என்ன சொல்வது? மூன்று பதில்கள்

ஏற்காட்டில் ஒரு விடுதியின் ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு எந்த மாதிரிப் பதிலைப் பழக்குவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. முழு மன்னிப்பு, எழுதிக் கொடுத்த வாசகம், விருந்தினர் சொன்னதையே பிடித்துக்கொண்டு பேசுவது என்று மூன்று வழி இருந்தது. நான் எடுத்தது மூன்றாவது. முதல் இரண்டையும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

காலை ஏழேகால். மூன்றாவது மாடியிலிருந்து போன்: "தண்ணி ஐஸ் மாதிரி கொட்டுது. எட்டு மணிக்குக் கிளம்பினாத்தான் சேலத்துல முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியும். காசு மட்டும் வாங்கத் தெரியுதா?"

அந்த நொடியில் காரணம் யாருக்கும் தெரியாது. பனிமூட்டத்தில் சோலார் சூடாகாமல் இருக்கலாம், ஹீட்டர் ட்ரிப் ஆகியிருக்கலாம். குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருக்குப் பிடிபடாமல் இருக்கலாம். டேங்கிலிருந்து தூரமான அறை என்றால் பைப்பில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீர் வடிந்த பிறகுதான் சூடு வரும்.

"மன்னிச்சுக்குங்க சார், எங்க தப்புதான்" என்பது முதல் பதில். கேட்க நன்றாக இருக்கும். அடுத்த கேள்வி "அப்ப வாடகையில எவ்வளவு குறைப்பீங்க?" என்று வரும். அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் ரிசப்ஷனில் இருக்கும் பிள்ளைக்குக் கிடையாது.

"ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பது இரண்டாவது. மாட்டிக்கொள்ளாத வாக்கியம்தான், ஆனால் போனில் சொன்னால் சேலம் ஜங்ஷனில் ரயில் தாமதம் என்று அறிவிப்பது போல இருக்கும். எழுத்தில் பதில் அனுப்ப வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். "மத்த ரூம்லெல்லாம் வருதுங்களே" என்பதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. உண்மையாக இருந்தாலும் அது அவரைப் பொய்யர் ஆக்குகிறது.

மூன்றாவது இப்படிப் போகும்: "எட்டுக்கு முகூர்த்தத்துக்குக் கிளம்பணும், இந்தக் குளிர்ல பச்சத்தண்ணில குளிக்க முடியாதுங்க சார். இப்பவே ஆள் அனுப்புறேன், ஏழரைக்கு நானே கூப்பிட்டுச் சொல்றேன். அதுக்குள்ள சமையல்கட்டுல இருந்து ரெண்டு பக்கெட் சுடுதண்ணி கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

இதில் யார் தப்பு என்ற பேச்சே இல்லை. முகூர்த்தமும் எட்டு மணியும் அவர் வாயிலிருந்து வந்தவை, அதனால் மனப்பாடம் மாதிரி ஒலிக்காது. கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. "சரி, அனுப்புங்க" என்று சொல்வதற்காகவாவது அவர் திட்டுவதைக் கொஞ்சம் நிறுத்துவார்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது இந்த வார்த்தைகள் இல்லை, ஏழரை மணி. முதல் இரண்டு பதிலையும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். பத்து நிமிடத்தில் அவரே திரும்பக் கூப்பிடுவார், இன்னும் சத்தமாக. மூன்றாவதில் அடுத்த அழைப்பு நம்மிடமிருந்து போகிறது. அதைக் காப்பாற்றச் செலவு உண்டு. நேரம் சொல்வதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கேட்க வேண்டும். அவர் பத்து நிமிடம் என்றால் நாம் பதினைந்து சொல்ல வேண்டும். "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லவே கூடாது, அதை யாரும் நேரக் கணக்காக எடுத்துக்கொள்வதில்லை. கடிகாரத்தில் இருக்கும் நேரத்தைச் சொன்னால்தான் நம்புவார்கள்.

வேலை முடியாவிட்டாலும் ஏழரைக்குக் கூப்பிட்டே ஆக வேண்டும்: "இன்னும் சூடாகலீங்க சார். ஹீட்டர் போட்டாச்சு, உங்க மாடிக்கு வர எட்டாகுமாம். பக்கெட் தண்ணி போதுங்களா, இல்ல கீழ காலியா ஒரு ரூம் இருக்கு, அங்க குளிச்சுக்கிறீங்களா?" கெட்ட செய்திதான். ஆனாலும் சொன்ன நேரத்துக்கு வந்த கெட்ட செய்திக்கு ஆட்கள் அவ்வளவாகக் கத்துவதில்லை.

இது உடைவது பெரும்பாலும் ஷிப்ட் மாறும்போது. நைட் டியூட்டி பையன் வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். காலையில் வந்தவருக்கு ஒன்றும் தெரியாது, விருந்தினர் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதனால் அறை எண், புகார், சொன்ன நேரம் மூன்றையும் நோட்டில் எழுதாமல் போனை வைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம்.

வாடகை பற்றிக் கேட்டால்: "அது என் கையில இல்லீங்க சார். மேனேஜர்கிட்ட இப்பவே பேசுறேன், பில் போடறதுக்கு முன்னாடி அவர் சொன்னதை உங்ககிட்டச் சொல்லிடறேன்." ஹீட்டர் ட்ரிப் ஆனதுதான் காரணம் என்று தெரிந்த பிறகும் மழுப்பினால் அது வேறு கதை. அப்போது மேனேஜர் நேராக ஒத்துக்கொள்வதுதான் நல்லது.

மே மாதக் கோடை விழா சமயத்தில், லாபி நிறைய ஆள் நிற்க ரிசப்ஷனில் ஒருவரே இருந்தால், இந்த மூன்றாவது பதில் தாங்காது. அன்றைக்கு நேரம் சொல்லாமல், பக்கெட்டை மட்டும் அனுப்பிவிடச் சொல்வேன். ராத்திரி குடித்துவிட்டு வந்து சண்டை போடும் கும்பலிடம் இது எவ்வளவு எடுபடும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். எங்களுக்கு வருவது அதிகமும் குடும்பங்கள்தான்.