ட்ரான்ஸ்பார்மரிலிருந்து மெயின் பேனல் வரை: ஒற்றைக்கோர் கேபிள்களில் உறை மின்னோட்டமும் எங்கள் ஆண்டுகளின் அனுபவமும்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் நான் மின்பராமரிப்பைக் கவனித்துவரும் அலுவலகக் கட்டிடத்திற்கு 11 கிலோவோல்ட்டில் மின்சாரம் வருகிறது. அதை 433 வோல்ட்டாக இறக்கும் 1000 கேவிஏ ட்ரான்ஸ்பார்மர் தரைத்தளத்திலும், மெயின் பேனல் அதற்கு 30 மீட்டர் தள்ளி வேறோர் அறையிலும் இருக்கின்றன. இவ்விரண்டையும் இணைப்பவை 630 சதுர மில்லிமீட்டர் அலுமினிய ஒற்றைக்கோர் கேபிள்கள். ஒரு பேஸுக்கு மூன்று வீதம் ஒன்பதும், அவற்றோடு நியூட்ரல் கேபிள்களும் உண்டு. முழுச்சுமையில் 1333 ஆம்பியர் வரும் என்பதால் ஒரு கேபிளுக்கு ஏறத்தாழ 444 ஆம்பியர்தான். அந்த அளவுக்கு இந்தக் கேபிள் தாராளமாகப் போதும். எங்கள் உச்சச் சுமையோ பெரும்பாலும் 900 ஆம்பியரைத் தாண்டுவதில்லை. அப்படியிருந்தும் 2019 வாக்கில் பேனல் பக்கத்துக் கிளாண்டுகளில் சில தொட முடியாத அளவுக்குச் சூடாக இருந்தன. கிருஷ்ணகிரியிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்தான் அதை முதலில் கவனித்து, "சார், லோடு பாதிகூட இல்ல, ஆனா ஓரத்துக் கிளாண்டுல கை வெக்க முடியல" என்றார். இந்தக் கட்டுரை அந்தச் சூட்டின் காரணத்தையும், கேபிள்களை மாற்றி அடுக்கியபின் இன்றுவரை கண்டதையும் பற்றியது.

கேபிள்கள் அகலமான டிரேயில் ஒரே வரிசையாகக் கிடந்தன. ஒரு பேஸின் மூன்று கேபிள்களும் பக்கத்தில் பக்கத்தில், அதற்கடுத்து அடுத்த பேஸின் மூன்று, பிறகு மூன்றாவது பேஸ் என்று ஆர் ஆர் ஆர், ஒய் ஒய் ஒய், பி பி பி என்ற அடுக்கு. பார்க்க ஒழுங்காக இருக்கும், லக் அடிக்கவும் வசதியாக இருக்கும். அதனால்தான் பல இடங்களில் இப்படியே போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரே பேஸின் மூன்று கேபிள்களிலும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தபோது ஆர் பேஸில் 405, 290, 235 ஆம்பியர் என்று காட்டியது. ஒய் பேஸை ஒட்டியிருந்த கேபிளே மிக அதிகச் சுமையைத் தாங்கியது. எதிரெதிராக ஓடும் மின்னோட்டங்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் தூண்டல் குறைகிறது, அதனால் மின்னோட்டம் அந்தப் பாதையையே நாடுகிறது. மூன்று அளவுகளையும் கூட்டினால் 930 வருவதும், பேனல் மீட்டர் 900 காட்டியதும் முரண்பாடல்ல. மூன்று கேபிள்களின் மின்னோட்டங்களும் ஒரே கணத்தில் உச்சத்தை எட்டுவதில்லை என்பதன் விளைவு அது.

இந்தச் சமமின்மையோடு சேர்ந்ததுதான் உறை மின்னோட்டம். குறைந்த அழுத்தக் கேபிளில் தனியாக உலோக உறை கிடையாது; வெளிப் பிவிசிக்குள் இருக்கும் ஆர்மர் கம்பிகளே அந்த வேலையைச் செய்கின்றன. மாறுமின்னோட்டத்துக்கான ஒற்றைக்கோர் கேபிளில் ஆர்மர் காந்தத்தன்மையற்றதாக, நடைமுறையில் அலுமினியமாக, இருக்க வேண்டும் என்பது ஐஎஸ் 7098 சொல்லும் விதி. இரும்பாக இருந்தால் தானே பெருஞ்சூடு காணும். எங்கள் கேபிளில் அது அலுமினியமே. மூன்று கோரையும் ஒன்றாகப் பொதிந்த கேபிளில் மூன்று பேஸ்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகின்றன. ஒற்றைக்கோரில் அந்த ஈடு கேபிளுக்கு வெளியேதான் நடக்கிறது. எனவே ஆர்மரின் நீளம் முழுவதும் ஒரு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. இரு முனைகளிலும் ஆர்மரைக் கிளாண்ட் வழியாக எர்த்துடன் இணைத்திருந்தால் ஒரு கேபிளின் ஆர்மர், கிளாண்ட் பிளேட், அடுத்த கேபிளின் ஆர்மர் என்று ஒரு மூடிய சுற்று உருவாகி, அதில் மின்னோட்டம் இடைவிடாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

அதன் அளவு கேபிள்களின் இடைவெளியைப் பொறுத்தது. மூன்று கேபிள்களை முக்கோணமாகக் கட்டும் டிரஃபாயில் அமைப்பில் ஒரு மீட்டருக்கான தூண்டல் எதிர்ப்பு:

```
X = 2ω × 10⁻⁷ × ln(2s/d)   (ஓம்/மீட்டர்)
```

இதில் ω கோண அதிர்வெண், s என்பது இரு கேபிள்களின் மையங்களுக்கு இடையிலான தூரம், d ஆர்மரின் சராசரி விட்டம். எங்கள் கேபிளின் வெளிவிட்டம் ஏறத்தாழ 44 மில்லிமீட்டர், ஆர்மரின் சராசரி விட்டம் 38. தொட்டுக்கொண்டிருக்கும் முக்கோணத்தில் s 44 ஆகையால் X மீட்டருக்குச் சுமார் 0.053 மில்லிஓம் வருகிறது. சூடான நிலையில் ஆர்மரின் மின்தடையை மீட்டருக்குச் சுமார் 0.236 மில்லிஓம் என்று மதிப்பிட்டேன். அப்படியானால் கேபிளில் 300 ஆம்பியர் ஓடும்போது ஆர்மரில் 66 ஆம்பியர் ஓடும். அதே மூன்று கேபிள்களை ஒரு விட்ட இடைவெளி விட்டுத் தட்டையாக வைத்து, ஐஇசி 60287 தரும் சமன்பாடுகளில் போட்டுப் பார்த்தால் ஓரக் கேபிள்களில் ஒன்றில் 150, இன்னொன்றில் 132, நடுவில் 98 ஆம்பியர் வரும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வித்தியாசம் இன்னும் பெரிது. கோரில் எழும் இழப்போடு ஒப்பிட்டால் முக்கோணத்தில் ஆர்மரின் இழப்பு 18 சதவீதம். தட்டையில் ஓரக் கேபிளுக்கு 94 சதவீதம் வரை. அதாவது அந்தக் கேபிளுக்குள் இன்னொரு கேபிள் எரிவதைப் போன்றது. எங்கள் ஆர் ஆர் ஆர் அடுக்குக்கு இந்தச் சமன்பாடு நேரடியாகப் பொருந்தாது. திரும்பிவரும் பேஸ் இன்னும் தொலைவில் இருப்பதால் அது ஒரு தொகுதியைத் தட்டையாக வைப்பதைவிட மோசமானது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சூடு கிளாண்டில் முதலில் தெரிந்ததற்கும் காரணம் இதுவே. சுற்றும் மின்னோட்டம் முழுவதும் ஆர்மர் கம்பிகளைக் கவ்வும் கூம்பின் வழியே போகிறது. அலுமினியக் கம்பியின் மேற்பரப்பில் ஆக்சைடு படிந்தோ, முறுக்கு குறைந்தோ இருந்தால் அந்தத் தொடர்பின் மின்தடை கூடி, அங்கேயே சூடு குவிகிறது. வெப்பக் கேமராவில் எங்கள் ஓரக் கிளாண்ட் 81 டிகிரி காட்டியது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ட்ரான்ஸ்பார்மர் பக்கத்தில் கிளாண்ட் பிளேட் இரும்பாக இருந்தது. அதில் ஒவ்வொரு கேபிளும் தனித்தனித் துளையில் போனதால், துளைகளுக்கு இடைப்பட்ட இரும்பு சுழல் மின்னோட்டத்தால் சூடாகியது. இது வேறு நோய், மருந்தும் வேறு. பிளேட்டில் துளைகளுக்கு நடுவே மட்டும் சூடு, கேபிள் தன்மட்டுக்கு இருந்தால் பிளேட்டின் குற்றம். பிளேட் அலுமினியமாக இருந்தும் கிளாண்டும் அதிலிருந்து வெளிவரும் கேபிளும் நெடுகச் சூடாக இருந்தால் உறை மின்னோட்டம். எங்களிடம் இரண்டும் இருந்தன. இரும்புப் பிளேட்டை அலுமினியமாக மாற்றியதோடு மட்டும் நின்றிருந்தால் பாதிச் சிக்கல் அப்படியே இருந்திருக்கும்.

உறை மின்னோட்டத்தை அளப்பதில் பலரும் சறுக்குவார்கள். கிளாண்டுக்கு மேலே வெறும் கோரில் ஓர் அளவும், கிளாண்டுக்குக் கீழே முழுக் கேபிளில் ஓர் அளவும் எடுத்து, கழித்த மிச்சத்தை ஆர்மரின் மின்னோட்டம் என்று எழுதிவிடுகிறார்கள். கோரில் 300, முழுக் கேபிளில் 293 என்றால் ஆர்மரில் 7 ஆம்பியர்தான் என்று நிம்மதி அடைவார்கள். உண்மையில் ஆர்மரின் மின்னோட்டமும் முழுக் கேபிளின் நிகர மின்னோட்டமும் செங்கோணத்தில் நிற்பவை. எனவே 300-இன் வர்க்கத்திலிருந்து 293-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 64 ஆம்பியர். இது சமச்சீரான முக்கோண அமைப்புக்கே சரியாகப் பொருந்தும். மீட்டரில் ஓரிரு ஆம்பியர் பிழை இருந்தாலே விடை வெகுவாக மாறிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தனியாக எர்த் லீட் கொண்ட காப்பிடப்பட்ட கிளாண்ட் இருந்தால் அந்த லீடில் கிளாம்ப் வைப்பதே நம்பகமான வழி.

2019 இறுதியில் ஒரு ஷட்டவுனில் கேபிள்களை ஆர், ஒய், பி ஒவ்வொன்றாகச் சேர்த்து மூன்று முக்கோணங்களாகக் கட்டினோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நியூட்ரல் கேபிளை ஒட்டி வைத்தோம். கட்டுவதற்கு டிரஃபாயில் கிளீட்டுகளைப் போட்டோம். சாதாரண நைலான் டை இதற்கு ஆகாது. ஐந்து சதவீத இம்பிடன்ஸ் உள்ள இந்த ட்ரான்ஸ்பார்மரில் பேனல் அருகே ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தால் 26 கிலோ ஆம்பியருக்கு மேல் ஓடும். அது மூன்று பங்காகப் பிரிந்தாலும் முதல் உச்சத்தில் ஒரு மீட்டர் கேபிள் மீது 1300 நியூட்டனுக்கு மேல், அதாவது நூற்றுமுப்பது கிலோ அளவிலான விசை விழும். கேபிளைத் தனித்தனியாகச் சுற்றிப் பிடிக்கும் கிளீட் அலுமினியமோ காந்தத்தன்மையற்ற எஃகோ பாலிமரோ ஆக இருப்பதும் முக்கியம்.

அதற்குப்பின் அதே சுமையில் ஆர் பேஸின் மூன்று கேபிள்களும் 310, 300, 292 என்று காட்டின. ஓரக் கிளாண்ட் 54 டிகிரிக்கு இறங்கியது. ஆண்டுதோறும் எடுக்கும் வெப்பப் படங்களில் இந்த எண் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் விலகியதில்லை. விலகிய ஒருமுறை கிளாண்ட் நட் தளர்ந்திருந்தது, இறுக்கியதும் சரியானது. மின்கட்டணத்தில் பெரிய மிச்சம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஒன்பது கேபிள்களின் மொத்த 270 மீட்டருக்கு, 300 ஆம்பியரில் ஆர்மரின் இழப்பு முக்கோணத்தில் ஏறத்தாழ 275 வாட். தட்டையில் இது 1000 வாட்டைச் சற்றே தாண்டும். சேமிப்பு ஏறத்தாழ முக்கால் கிலோவாட்தான். வெப்பமும் சமமான பங்கீடும்தான் மாற்றத்துக்கான நியாயம். 90 டிகிரி வரை தாங்கும் எக்ஸ்எல்பிஈ காப்பைவிட, முனையில் இருக்கும் பிவிசியும் கிளாண்டுமே முதலில் கெடும்.

ஒரு முனையில் மட்டும் ஆர்மரை எர்த் செய்தால் சுற்று மின்னோட்டமே இருக்காதே என்று கேட்பது நியாயமானது. 30 மீட்டர் முக்கோணத்துக்கு, முழுச்சுமையில் இணைக்காத முனையில் நிற்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. ஷார்ட் சர்க்யூட்டின்போதுகூட 14 வோல்ட் அளவே. பிரிட்டிஷ் வயரிங் விதி முழுச்சுமையில் அனுமதிக்கும் 25 வோல்ட்டை விட இது வெகு குறைவு. ஆனால் அப்படிச் செய்தால் ஆர்மர் எர்த் பழுது மின்னோட்டத்துக்குப் பாதையாக இருக்காது. கேபிள்களோடு ஒட்டியே தனி எர்த் பட்டை ஓட வேண்டும். இணைக்காத முனையின் காப்பிட்ட கிளாண்டை யாரேனும் பின்னாளில் சாதாரணக் கிளாண்டாக மாற்றினாலோ, பெயின்ட் சுரண்டி ஜம்பர் போட்டாலோ ஏற்பாடு சத்தமில்லாமல் கெட்டுவிடும். குறுகிய தூரத்துக்கு, டிரஃபாயிலோடு இரு முனைகளிலும் எர்த் செய்வதையே நான் தேர்ந்தெடுத்தேன். அடுத்த ஆட்கள் வந்து தவறு செய்தாலும் தாங்கக்கூடிய அமைப்பு அது. தட்டையான அமைப்பைத்தான் வைத்தாக வேண்டும் என்றால், அப்போது ஒரு முனை எர்த்தும் தனிப் பட்டையும் அவசியம். அந்தச் சேர்க்கையில் காற்றோட்டம் நன்றாக இருப்பதால் கேபிளின் சுமைத்திறன் கூடவும் செய்யும். தட்டையும் இரு முனை எர்த்தும் சேர்ந்ததை மட்டும் நான் மீண்டும் ஏற்க மாட்டேன்.

முனைகளில் முக்கோணத்தைப் பிரித்தே ஆக வேண்டும், ஏனெனில் பஸ்பார்கள் தட்டையாகத்தான் இருக்கும். ட்ரான்ஸ்பார்மர் கேபிள் பெட்டியில் பிரிவு அரை மீட்டருக்குள் முடியுமாறு கிளாண்டுகளை மூன்று மூன்றாகத் தொகுத்தோம். பேனலின் அடியில் இடம் குறுகலாக இருந்ததால் ஒரு தொகுதி மட்டும் ஒரு மீட்டருக்கு மேல் பிரிந்தே நிற்கிறது. வெப்பப் படத்தில் இன்றும் அந்தத் தொகுதியின் ஓரக் கிளாண்டுதான் மற்றவற்றைவிடச் சில டிகிரி அதிகமாகத் தெரிகிறது. புதுப் பேனல் வாங்கும்போது கிளாண்ட் பிளேட்டின் துளை அமைப்பை கேபிள் அடுக்கோடு சேர்த்து வரைபடத்திலேயே எழுதி வாங்க வேண்டும் என்று எங்கள் கொள்முதல் படிவத்தில் சேர்த்திருக்கிறோம்.