தம்பியின் குடிநோய் சிகிச்சையும் இரண்டு பாலிசிகளும்: மூன்று வருட அனுபவம்

என் தம்பிக்கு மருத்துவக் காப்பீடு இரண்டு உண்டு. ஒன்று குடும்பத்துக்காக நாங்களே எடுத்த ஐந்து லட்ச ரூபாய் பாலிசி. இன்னொன்று கப்பலூர் தொழிற்பேட்டையில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி தொழிலாளர்களுக்கு எடுத்துக் கொடுத்த குழு பாலிசி. குடியை நிறுத்தும் சிகிச்சைக்கு இரண்டையுமே பயன்படுத்திப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. பணம் எங்கே வந்தது, எங்கே வரவில்லை, ஏன் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. அதனால் எழுதுகிறேன். கம்பெனி பெயர்களையும் மருத்துவமனை பெயரையும் சொல்லப்போவதில்லை. நாங்கள் முட்டிக்கொண்ட விதிகள் எந்த நிறுவனத்தின் பாலிசியை எடுத்தாலும் பெரும்பாலும் இருப்பவைதான்.

முதலில் சிகிச்சையைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால்தான் காப்பீட்டு விஷயம் புரியும். பல வருடமாகத் தினமும் குடித்தவன், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரியோடு நிறுத்தினான். சனிக்கிழமை காலையில் கை நடுங்கியது, வேர்த்தது, சோறு இறங்கவில்லை. ஞாயிறு மதியம் ஒரு வலிப்பு. திங்கள்கிழமை சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிட ஆரம்பித்தான். இது பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. சாராயத்துக்குப் பழகிய மூளை, அது திடீரென்று கிடைக்காதபோது தறிகெட்டு ஓடுவது. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வருவதுதான் டெலீரியம் என்கிற குழப்ப நிலை, கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுத்துவிடும். அதாவது சிகிச்சையில் ஆபத்தான பகுதி முதல் ஒரு வாரம்தான். அதற்குப் பிறகு வரும் மாதங்கள் கஷ்டமானவை, ஆனால் வேறு மாதிரிக் கஷ்டம்.

ஞாயிறு அன்று வண்டி ஏறும்போது எங்கள் சித்தப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஏத்தா, குடின்னு மட்டும் வாயெடுத்துச் சொல்லிராத. இன்சூரன்ஸ்காரன் நயா பைசா தரமாட்டான். வயித்துப்போக்கு, மயக்கம்னு சொல்லிச் சேத்துருவோம்." அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் குடியை மறைத்துச் சேர்த்தால் டாக்டர் எதைப் பார்த்து மருந்து கொடுப்பார்? மதுரை அண்ணா நகர்ப் பக்கம் உள்ள தனியார் மருத்துவமனையில் அவன் கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தான் என்று நான் சொன்ன பிறகுதான் மனநல மருத்துவரைக் கூப்பிட்டார்கள். ஈரல் சோதனை சரியில்லாததால் லோரசெபாம் என்ற மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி போட்டார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் வெறும் குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்திருப்பான். அவன் இருந்த வார்டிலேயே கால் எலும்பு முறிந்து சேர்ந்த ஒருவர், வீட்டார் குடியை மறைத்ததால் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் குழாயையெல்லாம் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்த்தார். அப்புறம்தான் டாக்டர்களுக்கே விஷயம் தெரிந்தது.

சரி, பணம். நாம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவதைக் காசில்லா சிகிச்சை என்பார்கள். அதற்கு மருத்துவமனை அனுப்பும் படிவத்தில் மது, போதைப் பழக்கம் உண்டா என்று தனியாக ஒரு கட்டமே இருக்கிறது. எங்கள் சொந்தப் பாலிசிக்கு அனுப்பிய படிவம் அன்றைக்கே மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. காரணம், 12ஆம் எண் விலக்கு. விலக்கு என்றால் பாலிசி பணம் தராது என்று ஒதுக்கி வைத்திருக்கும் செலவு. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், நிறுவனங்கள் ஆளுக்கொரு வாசகம் எழுதிக் குழப்புவதைத் தடுக்க விலக்குகளுக்கு ஒரே எண்ணும் ஒரே வாசகமும் வகுத்தது. அதில் 12ஆவது, மது, போதைப்பொருள், எந்த அடிமைப் பழக்கத்துக்குமான சிகிச்சையும் அதன் விளைவுகளும் கிடையாது என்கிறது. இந்த விலக்கை வைத்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வைத்தால் இந்த வாசகத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பாலிசியில் வைத்திருந்தார்கள்.

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, அதை நான் எழுதியும் கொடுத்தேன். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கும் உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் காப்பீடு தர வேண்டும் என்று 21ஆம் பிரிவில் சொல்கிறது. மனநோய் என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே மது, போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. அப்படியிருக்க 12ஆவது விலக்கு எப்படி நிற்கும் என்பதுதான் என் கேள்வி. நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, பாலிசியில் விலக்கு தெளிவாக அச்சாகியிருக்கிறது என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டது. அடுத்த படி சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஓம்பட்ஸ்மன். நிறுவனம் மறுத்த பிறகு, அல்லது ஒரு மாதம் பதிலே தராவிட்டால், ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. நான் போக நினைத்தேன். தம்பிதான், "விட்ருக்கா, என் கதைய இன்னும் எத்தனை பேர் படிக்கணும்?" என்றான். விட்டுவிட்டேன். சட்டப்படி இது வாதாட வேண்டிய விஷயம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

குழு பாலிசி கைகொடுத்தது. குழு பாலிசியில் முதலாளி கூடுதல் பிரீமியம் கட்டி விலக்கைத் தளர்த்திக்கொள்ள முடியும். இந்தக் கம்பெனி அப்படி ஒரு இணைப்பு வாங்கியிருந்தது: குடி, போதைச் சிகிச்சைக்கு உள்நோயாளியாகச் சேர்ந்தால் வருடத்துக்கு 50,000 ரூபாய் வரை. தொழிலாளர்கள் கையில் இருக்கும் அட்டையில் இது இருக்காது. முழுப் பாலிசி நகலை மனிதவளப் பிரிவில் கேட்டு வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். மருத்துவமனை பில் ஐ.சி.யூ. இரண்டு நாளையும் சேர்த்து 78,000. உச்சவரம்பு 50,000 வந்தது, மீதி 28,000 நாங்கள் கட்டினோம். அந்த மீதியைச் சொந்தப் பாலிசியில் கேட்கலாம் என்று நினைத்தால், அங்கே 12ஆம் எண் மறுபடி வந்து நிற்கும்.

அடுத்ததுதான் பலரும் தடுக்கி விழும் இடம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு, மதுரைக்கு வெளியே ஒரு மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் தங்கினான். மாதம் 24,000 ரூபாய். மருத்துவமனைக்குப் பிந்தைய செலவு என்று அதையும் குழு பாலிசியில் போடலாம் என ஏஜென்ட் சொன்னார், போட்டோம், மறுத்தார்கள். 50,000 தீர்ந்துபோனது ஒரு காரணம். அது தீராமல் இருந்தாலும் கிடைத்திருக்காது என்பது மறுப்புக் கடிதத்தைப் படித்தபோது புரிந்தது. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்றால் மருந்து, பரிசோதனை, டாக்டர் கட்டணம் இவைதான், இன்னோரிடத்தில் தங்கும் செலவு அதில் வராது. தனியாக உள்நோயாளிச் சிகிச்சை என்று கேட்டாலோ, அந்த இடம் மருத்துவமனை என்ற வரையறைக்குள் வர வேண்டும்.

அந்த வரையறையைப் படித்துப் பாருங்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 15 படுக்கை, சின்ன ஊர் என்றால் 10. மதுரை மாநகராட்சி 2011 கணக்கிலேயே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே இங்கே 15. இரவும் பகலும் தகுதியுள்ள டாக்டரும் நர்ஸும் இருக்க வேண்டும். தினசரிக் குறிப்பேடு வேண்டும். கடைசியாக, சொந்தமாக ஆபரேஷன் தியேட்டர் வேண்டும்! குடி மறுவாழ்வு மையத்தில் யாருக்கு என்ன ஆபரேஷன் செய்யப்போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் விதி அப்படி. நாங்கள் சேர்த்த மையத்தில் மனநல மருத்துவர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார், மற்ற நேரம் ஆலோசகர்களும் ஒரு நர்ஸும். அந்த மையம் முறையாகப் பதிவு பெற்ற நல்ல இடம்தான். மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருந்தது. அந்தப் பதிவு சட்டத்துக்குப் போதும், காப்பீட்டுக்குப் போதாது. இந்த இரண்டும் வேறு வேறு என்பது யாரும் சொல்லித்தராத விஷயம். அது போதாதென்று 5ஆம் எண் விலக்கு ஓய்வுக்கும் மறுவாழ்வுக்குமான தங்கலையும், 13ஆம் எண் விலக்கு வீட்டுக் காரணங்களுக்காகச் சேர்க்கப்படுவதையும் தள்ளுபடி செய்கின்றன. மையத்தின் சேர்க்கைத் தாளில் "வீட்டில் தகராறு, மனைவி கொண்டுவந்து சேர்த்தார்" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரியே மறுப்புக்குப் போதும். சேர்க்கையின்போது மருத்துவக் காரணமும் நோயின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எனவே எங்களுக்கு உதவிய வழி, சிகிச்சையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. நடுக்கம், வலிப்பு வரும் வாரத்தைக் காப்பீடு ஏற்கும் பொது மருத்துவமனையில், தகுந்த பாலிசி இருந்தால் அதில் முடிக்கலாம். மையத்துக்கான பணத்தைக் காப்பீட்டை நம்பாமல் கையில் வைத்திருக்க வேண்டும். பணமில்லாதவர்களுக்கு பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய சமூகநீதி அமைச்சக உதவியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்களும் இருக்கின்றன, 14446 என்ற எண்ணில் கேட்டால் பக்கத்தில் எது என்று சொல்வார்கள். தம்பி முதல் வருடம் மாத்திரைக்குப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போய்வந்தான். வரிசை நீளம், காலை வேலை கெடும், ஆனால் செலவில்லை. ராத்திரி வேனில் வந்து ஆளைத் தூக்கிப்போகும் மையங்களைப் பற்றிக் கேள்விப்பட்டால் கிட்டவே போகாதீர்கள். சம்மதம் தரும் நிலையில் இல்லாத ஒருவரைச் சேர்க்கவும் சட்டத்தில் தனி நடைமுறை உண்டு. இரண்டு மருத்துவ வல்லுநர்கள் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும்.

இடையில் ஒருமுறை மறுபடி குடித்தான், மறுபடி நிறுத்தினான். அதற்குப் பெரிதாகச் செலவாகவில்லை.

போன வருடம் அவனுக்கு டெங்கு. தட்டணுக்கள் குறைந்து திருமங்கலத்தில் சேர்த்தோம். சொந்தப் பாலிசியில் காசில்லா சிகிச்சை கேட்டபோது அந்தக் கட்டத்தில் உண்மையைத்தான் எழுதச் சொன்னேன்: முன்பு குடிநோய் இருந்தது, இப்போது குடிப்பதில்லை. உடனே கேள்வி வந்தது, இது குடியின் விளைவா என்று. விலக்கு பொருந்தும் என்று காட்ட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு, நோயாளியின் பொறுப்பு அல்ல. ஆனால் வாதாடிக்கொண்டிருந்தால் டிஸ்சார்ஜ் தள்ளிப்போகும். டாக்டர் டெங்கு பரிசோதனை முடிவை இணைத்து, இந்தக் காய்ச்சலுக்கும் பழைய குடிப்பழக்கத்துக்கும் தொடர்பில்லை என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலமே ஒப்புதல் வந்தது, மருத்துவமல்லாத சில்லறைச் செலவு போக முழுத் தொகையும் கட்டினார்கள். 12ஆம் எண்ணைக் காட்டி மறுத்த அதே பாலிசிதான். இந்த வருடமும் புதுப்பித்திருக்கிறோம்.