ஒரே உச்சியா, பல உச்சிகளா? ஜான் ஹிக்கும் மார்க் ஹைமும்

எல்லா மதங்களும் ஒரே மலையுச்சிக்குப் போகும் வெவ்வேறு பாதைகள் என்பது நம் ஊரில் மேடைதோறும் கேட்கிற பேச்சு. இதை முழுத் தத்துவமாகக் கட்டி எழுப்பியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஹிக் (1922–2012). உச்சியே ஒன்றல்ல, பல என்று 1995-இல் ஒரு புத்தகமாகவே வாதிட்டவர் அமெரிக்க இறையியலாளர் மார்க் ஹைம். இருவருமே கிறிஸ்தவர்கள், இருவருமே பிற மதங்களை மதிப்பவர்கள். அதனால்தான் இவர்களுக்கு இடையிலான வேறுபாடு கவனிக்கத் தக்கது.

ஹிக் இளமையில் தீவிர நற்செய்தி நம்பிக்கை கொண்டவர். 1967-இல் பர்மிங்காமுக்குப் பணிக்குப் போனதும் மசூதி, குருத்வாரா, கோயில், யூதத் தொழுகைக்கூடம் எல்லாவற்றோடும் பழக்கம் ஏற்பட்டது. எங்கும் மனிதர்கள் தன்னலத்திலிருந்து விலகிப் பெரிய ஒன்றை நோக்கித் திரும்புவதைக் கண்டார். எந்த மதமும் மற்றதைவிடக் கூடுதலாக நல்லவர்களை உருவாக்கியதாக அவருக்குத் தெரியவில்லை. இங்கிருந்துதான் அவர் வாதம் தொடங்குகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே மெய்ப்பொருள் இருக்கிறது; அது எந்த மனிதச் சொல்லுக்கும் எட்டாது; அல்லாஹ், சிவன், பரலோகத் தந்தை, நிர்வாணம் எல்லாம் அந்தந்தப் பண்பாட்டின் கண்ணாடி வழியே அது தெரியும் விதங்கள். ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட்டிடமிருந்து எடுத்துக்கொண்ட சிந்தனை இது.

கத்தோலிக்க இறையியலாளர் கேவின் டி'கோஸ்டா உட்படப் பலர் கேட்ட கேள்வி: அடிவாரத்தில் நிற்பவருக்கு உச்சி ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்? எல்லோரும் பாதி பார்க்கிறார்கள், நான் மட்டும் முழுதும் பார்க்கிறேன் என்றால் அதுவும் ஒரு தனி மதம் மாதிரிதானே? இதற்கு ஹிக் நேர்மையாகவே பதில் சொன்னார். நான் மேலிருந்து பார்க்கவில்லை, கீழே கிடைக்கும் சான்றுகளை வைத்து ஓர் ஊகம்தான் சொல்கிறேன் என்றார். எனக்கு இந்தப் பதில் போதும்.

போதாத இடம் வேறு. மெய்ப்பொருள் நல்லதா கெட்டதா என்றுகூடச் சொல்ல முடியாது என்கிறார் ஹிக். அப்படியானால் அதை நோக்கித் திரும்புகிறவர் ஏன் அன்பானவராக மாற வேண்டும்? கொடூரமானவராக மாறினால் அது தவறான திருப்பம் என்று எதை வைத்துச் சொல்வது? அன்பையும் கருணையையும் அளவுகோலாக வைத்துவிட்டு, அந்த அளவுகோல் மெய்ப்பொருளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது நிற்காத வாதம்.

ஹைம் கேட்பது இதைவிட எளிய கேள்வி. போகிறவர்களிடமே கேளுங்கள், எங்கே போகிறீர்கள் என்று. தேரவாத பௌத்தத் துறவியிடம் கேட்டால், 'நான்' என்ற பிடிப்பு முற்றிலும் அணைவதுதான் விடுதலை என்பார். கிறிஸ்தவரிடம் கேட்டால், ஓர் ஆளாக உயிர்த்தெழுந்து கடவுளோடும் மற்றவர்களோடும் என்றென்றும் உறவில் இருப்பது என்பார். உறவு நிலைக்க ஆள் வேண்டும். நிர்வாணத்தில் அந்த 'ஆள்' என்ற எண்ணமே மயக்கம். இரண்டும் ஒரே இடம் என்று சொன்னால் இருவருமே தங்கள் வாழ்நாள் முயற்சியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றாகிவிடும். அதனால் இரண்டும் உண்மையிலேயே அடையக்கூடிய வெவ்வேறு முடிவுகள் என்கிறார் ஹைம். தேடியவருக்குத் தேடியது கிடைக்கும்.

சிலுவை மரணத்தை எடுத்துக்கொள்வோம். இயேசு சிலுவையில் இறந்தார் என்பது கிறிஸ்தவத்தின் அச்சாணி. அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்கிறது குர்ஆன் (4:157). ஹிக்கின் பார்வையில் இது வரலாற்றுச் சான்றால் தீர்க்க வேண்டிய கேள்வி. மீட்புக்கு அது அவசியமில்லை. ஆனால் கிறிஸ்தவருக்கு மீட்பே அங்கேதான் நடக்கிறது. சமரசம் பேச வந்த கொள்கை, இங்கே ஒரு தரப்பின் மையத்தையே கழற்றி வைக்கச் சொல்கிறது.

சரி, ஹைம் முழுக்கத் தப்பிவிடுகிறாரா என்றால் இல்லை. இத்தனை முடிவுகளுக்கும் இடம் கொடுக்கும் பிரபஞ்சம் எப்படிப்பட்டது என்று கேட்டால், பின்னாளில் அவர், தந்தை, மகன், தூய ஆவி என்று மூவராக உறவில் இருக்கும் ஒரே கடவுள் என்னும் கிறிஸ்தவத் திரித்துவத்தையே விடையாகத் தருகிறார். மற்ற முடிவுகள் உண்மைதான், ஆனால் உறவில் முழுமை பெறுவதே நிறைவு என்று அவர் மலைதான் உயர்ந்து நிற்கிறது. அத்வைதி இதை ஏற்கமாட்டார். அவருக்குச் சொர்க்கம் கடந்துபோக வேண்டிய ஓரிடம்.

இதே நிலையைத் தமிழில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னவர் 13-ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாச்சாரியார். அவருடைய சிவஞான சித்தியாரில் தம் கொள்கையைச் சொல்லும் பகுதியான சுபக்கத்தில், நீங்கள் எந்தத் தெய்வத்தை வணங்கினாலும் அந்தத் தெய்வமாகச் சிவனே வருவான் என்கிறார். அதே நூலின் பரபக்கத்தில் உலகாயதம், பௌத்தம், சமணம், மாயாவாதம் என்று வேறு கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறார். மறுப்பதற்கு முன் அவரவர் வாதத்தை முதலில் எடுத்துச் சொல்லிவிடுகிறார். யார் உச்சி உயரம் என்பதிலும் அவருக்குத் தயக்கமில்லை.

இந்த மூவரில் யாரிடம் எதை எடுத்துக்கொள்வாய் என்றால் மதிப்புக்கு ஹிக்கின் கண்ணையும், கேள்விக்கு ஹைமின் காதையும் எடுத்துக்கொள்வேன். ஒரு முஸ்லிமும் ஒரு பௌத்தரும் உட்கார்ந்து பேசும்போது மட்டும் அருணந்தியின் முறையே சரி. முதலில் எதிராளியின் வாதத்தை அவர் ஒப்புக்கொள்ளும்படி சொல்ல வேண்டும், அப்புறம் எங்கே உடன்படவில்லை என்று சொல்ல வேண்டும்.