செல்வமகள் திட்டத்துக்கு 27 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார்கள்: அந்தத் தாளை நம்பாதீர்கள்

பெண் குழந்தை பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதிர்வுத் தொகையைக் கணக்குப் போட்டுத் தர ஒரு நிதி ஆலோசகரிடம் 3,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். அவர் தந்த தாளைப் போலவே பல தாள்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

மகளுக்கு 2015 ஏப்ரல் 1 அன்று அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கினேன். வருடம் 50,000 ரூபாய், ஏப்ரல் முதல் நாட்களிலேயே கட்டிவிடுவேன். 2016 கடைசியில் அந்த ஆலோசகர் என் பாஸ்புக்கைப் பார்த்தார். முதல் வருட வட்டி 9.2 சதவீதம். அதையே 21 வருடத்துக்கும் போட்டு, 15 வருடம் பணம் கட்டினால் கடைசியில் 27 லட்சத்து 61 ஆயிரம் வரும் என்று அச்சடித்துக் கொடுத்தார். "வட்டி மாறாதா?" என்று கேட்டேன். "கவர்மென்ட் ஸ்கீம் சார், நீங்க சேர்ந்தப்ப இருந்த ரேட்டு உங்களுக்கு அப்படியே இருக்கும்" என்றார். அதை நம்பி, மகள் படிப்புக்காகத் தனியாகக் கட்டி வந்த ஆர்.டி.யை நிறுத்திவிட்டோம்.

அவர் சொன்னது தவறு. தேசிய சேமிப்புப் பத்திரம் போன்றவற்றில்தான் வாங்கிய நாளின் வட்டி கடைசிவரை நிற்கும். செல்வமகளில் மத்திய அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கிறது. புதிய விகிதம் புதிதாகக் கட்டும் பணத்துக்கு மட்டுமல்ல, கணக்கில் உள்ள மொத்த இருப்புக்கும் பொருந்தும். நான் 2015இல் கட்டிய 50,000 ரூபாய்க்கும் இன்று 9.2 கிடையாது. அவர் தாள் எழுதிய அன்றே வட்டி 8.5 ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

எனக்கு விஷயம் புரிந்தது பத்து வருடம் முடிந்து பாஸ்புக்கில் வட்டி பதிந்தபோதுதான். தாளில் பத்தாவது வரிசையில் 8,37,494 ரூபாய். பாஸ்புக்கில் 7,83,255. ஐம்பத்து நாலாயிரம் குறைவு. நடுவில் 2020 ஏப்ரலிலிருந்து மூன்று வருடம் வட்டி 7.6 மட்டுமே. 2023 ஏப்ரலில் 8 ஆகி, 2024 ஜனவரியில் 8.2 ஆனது. அவருக்குப் போன் செய்தேன். "ரேட் மாறிடுச்சு சார், நான் என்ன பண்றது" என்றார். மாறாது என்று சொன்னதே அவர்தான்.

அப்புறம் நானே உட்கார்ந்து போட்டேன். கஷ்டமில்லை. போன மார்ச் இருப்போடு இந்த வருடம் கட்டிய தொகையைக் கூட்டி, அதற்கு வட்டி சேர்த்தால் இந்த மார்ச் இருப்பு. விரிதாளில் A பத்தியில் இருப்பு, B பத்தியில் வட்டி விகிதம் வைத்து, அடுத்த வரிசையின் A3 கட்டத்தில் இப்படி எழுதலாம்:

```
=(A2+50000)*(1+B3/100)
```

ஒரே வருடத்தில் விகிதம் மாறியிருந்தால் நான்கு காலாண்டின் சராசரியை B பத்தியில் போடுங்கள். 2016-17இல் முதல் பாதி 8.6, அடுத்த பாதி 8.5, ஆகவே 8.55. ஏப்ரல் தொடக்கத்திலேயே கட்டுபவர்களுக்கு இது சரியாக வரும். 15 வருடம் முடிந்ததும் 50,000 என்பதைப் பூஜ்யமாக்கி, மீதி ஆறு வருடத்துக்கு வட்டி மட்டும் ஏற விடுங்கள்.

இனி 2036 வரை 8.2 நீடித்தால் எனக்கு வருவது சுமார் 23 லட்சத்து 75 ஆயிரம். மறுபடி 7.6க்கு இறங்கி அங்கேயே நின்றால் சுமார் 22 லட்சத்து 39 ஆயிரம். தாளில் இருந்ததைவிட சுமார் நான்கிலிருந்து ஐந்து லட்சம் வரை குறைகிறது. ஒரே ஒரு தொகையை மட்டும் சொல்லும் தாள் எதுவானாலும் ஒதுக்கி வையுங்கள். குறைந்த வட்டிக்கும் ஒரு கணக்கு கேளுங்கள்.

அதே ஆள் இன்னொன்றும் சொன்னார். வரிச் சலுகைக்கு மார்ச் 31க்குள் கட்டினால் போதுமாம். சலுகைக்குப் போதும், வட்டிக்குப் போதாது. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவுக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 50,000 ரூபாயை ஏப்ரல் 5க்குள் கட்டினால் 8.2 விகிதத்தில் அந்த வருடமே 4,100 ரூபாய் கிடைக்கும். மார்ச் கடைசியில் கட்டினால் அந்த வருடத்துக்கு அந்தப் பணத்தின் மேல் ஒன்றும் இல்லை. அவருடைய தாளோ எல்லாத் தவணையும் ஏப்ரல் 1 அன்றே கட்டியதாகக் கணக்கிட்டிருந்தது. அவர் பேச்சைக் கேட்டு மார்ச்சில் கட்டியிருந்தால் எனக்கு இன்னும் குறைந்திருக்கும்.

நிறுத்திய ஆர்.டி.யை இந்த மாதம் மறுபடி தொடங்கியிருக்கிறோம். இடையில் போன வருடங்களை ஈடுகட்ட, முன்பு கட்டியதைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டியிருக்கிறது.