தம்பி தன் பாகத்தை வெளியாளுக்கு விற்கப் போகிறார்: அண்ணனுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கும்பகோணம் பக்கம் ஒரு பழைய வீடு, அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் அவர் இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், தங்கை, தம்பி என்று நான்கு வாரிசுகள், ஆளுக்குக் கால் பாகம். பாகப்பிரிவினை நடக்கவில்லை. அண்ணனும் அம்மாவும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் தம்பிக்குப் பணமுடை. தன் கால் பாகத்தை ஊரில் வீடு, மனை வாங்கி விற்கும் ஒருவருக்குக் கொடுக்கப் பேசி முடித்துவிட்டார் என்று அண்ணன் காதுக்கு எட்டுகிறது.

"நானே வாங்கிக்கிறேன்னு சொன்னா எனக்குத்தானே சார் முதல் உரிமை?" இந்தக் கேள்வியோடு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உரிமை இருக்கிறது. ஆனால் அது ஒரே சட்டத்தில் ஒரே இடத்தில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 22-ஆம் பிரிவு ஒரு வழி. பாகப்பிரிவினைச் சட்டம் 1893-இன் 4-ஆம் பிரிவு இன்னொரு வழி. முதலாவதை விற்பனைக்கு முன்பே கையில் எடுக்கலாம். இரண்டாவது, விற்பனை முடிந்து, வாங்கியவர் கோர்ட்டுக்கு வந்த பிறகுதான் உயிர் பெறும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் வீட்டைக் கோட்டைவிடுகிறார்கள்.

முதலில் 22-ஆம் பிரிவு. உயில் இல்லாமல் இறந்தவரின் அசையாச் சொத்து, மனைவி, பிள்ளைகள், தாய் போன்ற முதல் வகுப்பு வாரிசுகள் இரண்டு பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ இறங்கியிருந்து, அவர்களில் ஒருவர் தன் பாகத்தைக் கைமாற்ற நினைத்தால், அதை வாங்க மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. நம் கதையில் அம்மா, அண்ணன், தங்கை மூவருக்குமே இந்த உரிமை இருக்கிறது. விலை பேசி ஒத்துவந்தால் சரி. ஒத்துவராவிட்டால் சொத்து இருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம், விலையை நீதிமன்றம் நிர்ணயிக்கும்.

இதில் அண்ணனுக்குப் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு. வெளியாள் நாற்பது லட்சம் தருகிறார் என்று தம்பி ஒரு காகிதத்தை நீட்டினால், அந்தத் தொகைக்கு அண்ணன் கட்டுப்பட வேண்டியதில்லை. வீட்டின் மதிப்பு 80 லட்சம் என்று நீதிமன்றம் கண்டால் கால் பாகத்துக்கு 20 லட்சம் என்ற கணக்கில்தான் பேச்சு நடக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. நிர்ணயித்த விலை கட்டுப்படியாகவில்லை என்று அண்ணன் பின்வாங்கினால் அந்த மனுவின் செலவு முழுவதும் அவர் தலையில் விழும். அதனால் பணம் எங்கிருந்து வரும் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் மனுப் போட வேண்டும். தங்கையும் வாங்க முன்வந்தால் யார் அதிக விலை சொல்கிறாரோ அவருக்கே பாகம் போகும். அண்ணனும் தங்கையும் போட்டி போட்டால் லாபம் தம்பிக்கு. முன்கூட்டியே இருவரும் பேசி ஒருவர் மட்டும் கேட்பது நல்லது.

இந்தப் பிரிவின் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது, விற்கப் போகும் வாரிசு மற்றவர்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று இதில் எங்கும் சொல்லப்படாததுதான். யாழ்ப்பாணத் தமிழர்களின் வழக்கச் சட்டமான தேசவழமையைப் பாருங்கள். அங்கே வெளியாளுக்கு முன் வாங்கிக்கொள்ளும் இந்த முன்விலை உரிமைக்கென்றே 1947-இல் தனிச் சட்டம் இயற்றினார்கள், அதில் விற்க நினைப்பவர் முன்னறிவிப்புக் கொடுப்பதற்கு வழி வகுத்திருக்கிறார்கள். நம் 1956 சட்டத்தில் அது விட்டுப்போனது. அதனால் இங்கே தம்பி சத்தமில்லாமல் கிரயம் முடித்துவிட முடிகிறது, அண்ணனுக்கு விஷயம் தெரிவது பல நேரங்களில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கும்போதுதான்.

அப்படி முடித்துவிட்டால் உரிமை போய்விட்டதா? போகவில்லை. முன்னுரிமையை மதிக்காமல் நடந்த விற்பனையை மற்ற வாரிசுகள் எதிர்த்துக் கேட்கலாம் என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் அந்தக் கட்டத்தில் வெறும் மனு போதாது, வாங்கியவரையும் தம்பியையும் சேர்த்து முறையாக வழக்கே போட வேண்டும். காலமும் குறைவு. காலவரையறைச் சட்டத்தின் 97-ஆம் இனம் முன்விலை உரிமை வழக்குக்கு ஒரே ஒரு வருடம்தான் தருகிறது. வாங்கியவர் சொத்தின் சுவாதீனத்தை எடுத்த நாளிலிருந்து அந்த வருடம் ஓடும். சுவாதீனம் எடுக்க முடியாத தன்மையுள்ளது என்றால் பத்திரம் பதிவான நாளிலிருந்து. பிரிபடாத பாகம் என்றால் பதிவு நாளையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இந்த மாதம்தான் என்ற வாதத்தை நம்பி உட்கார வேண்டாம்.

இப்போது 4-ஆம் பிரிவு. பிரிபடாத குடும்பத்துக்குச் சொந்தமான குடியிருப்பு வீட்டின் ஒரு பாகம் வெளியாளுக்குப் போய், அந்த வெளியாள் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், பங்குள்ள குடும்பத்தார் எவரும் "அந்தப் பாகத்தை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று நீதிமன்றத்தில் உறுதி கொடுக்கலாம். நீதிமன்றம் மதிப்புப் போட்டு, அந்த விலைக்கு விற்கும்படி வெளியாளுக்கு உத்தரவிடும். குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்குள் அன்னியர் பாதிச் சுவரை எழுப்பிக்கொண்டு வந்து உட்காரக் கூடாது என்பதற்காகவே வைத்த பிரிவு இது. யாருக்கு எவ்வளவு பாகம் என்று சொல்லும் முதல் தீர்ப்பாணையோடு இந்த வாய்ப்பு முடிந்துவிடாது, அதற்குப் பிந்தைய கட்டத்திலும் கேட்கலாம் என்று 1996-இல் கண்டேஷ்வர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. பாகம் பிரித்துக் கேட்பவர் வெளியாளாக இருக்க வேண்டும். நம் அண்ணன் ஆத்திரத்தில் தானே முந்திக்கொண்டு பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, வெளியாளைப் பிரதிவாதியாகச் சேர்த்து, "4-ஆம் பிரிவுப்படி அவர் பாகத்தை எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டால் கிடைக்காது. வெளியாள் தனக்குப் பாகம் பிரித்துக் கேட்காதவரை இந்தப் பிரிவைத் தொட முடியாது என்று 2000-ஆம் ஆண்டில் பாபுலால் வழக்கிலும் கௌதம் பால் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இது முழுமையான முன்விலை உரிமை அல்ல, வெளியாள் கதவைத் தட்டும்போது மட்டும் கிடைக்கும் கேடயம். வழக்கை யார் முதலில் போடுகிறார் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் அவசரமாகப் பாகப்பிரிவினை வழக்குத் தாக்கல் செய்து கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

விலையிலும் வித்தியாசம் உண்டு. இரண்டு வழியிலும் பத்திரத்தில் எழுதிய தொகைக்கு நீங்கள் அடிமை இல்லை, நீதிமன்ற மதிப்புதான். எந்த நாள் மதிப்பு என்பதுதான் கேள்வி. தம்பி விற்கப் போகும்போதே அண்ணன் 22-ஆம் பிரிவில் நுழைந்தால் இன்றைய 80 லட்சம், கால் பாகம் 20 லட்சம். 4-ஆம் பிரிவுக்காகக் காத்திருந்தால் வெளியாள் எப்போது வழக்குப் போடுவார் என்பது அவர் இஷ்டம். ஆறு வருடம் கழித்து அவர் வந்து, அப்போது அண்ணன் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, அந்தச் சமயத்தில் வீடு 1 கோடியே 40 லட்சம் பெறும் என்றால் கால் பாகம் 35 லட்சம். காத்திருந்ததற்கு 15 லட்சம் கூடுதல். நிலம், வீட்டு விலை ஏறும் ஊரில் காத்திருப்பது வெளியாளுக்கு வலிக்காது, அண்ணனுக்குத்தான் வலிக்கும்.

ஆனால் அந்த ஆறு வருடமும் வெளியாள் வீட்டுக்குள் வர முடியாது. இது சொத்து மாற்றுச் சட்டம் 1882-இன் 44-ஆம் பிரிவு. பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பாகம் வாங்கிய அன்னியருக்குக் கூட்டுச் சுவாதீனம் கேட்கும் உரிமை இல்லை. மும்பையில் ஒரு பார்சி குடும்பத்து வழக்கில், உள்ளே நுழைந்துவிட்டவரை வெளியேற்றும் இடைக்கால உத்தரவையே 1990-இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. ஆகவே கிரயம் முடிந்து, மாடி அறைக்குப் பூட்டுப் போட ஆள் வந்து நின்றால், பயந்து அடிமாட்டு விலைக்கு உங்கள் பாகத்தையும் அவரிடமே கொடுத்துவிட வேண்டாம். உடனே தடையுத்தரவு கேளுங்கள். பாகம் வாங்கும் தொழில்காரர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது இந்தப் பயத்தைத்தான்.

பாகப்பிரிவினைச் சட்டத்தின் 2, 3-ஆம் பிரிவுகளையும் சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பிரிக்கவே முடியாது, விற்றுப் பணமாக்குங்கள் என்று சொத்தில் குறைந்தது பாதிப் பங்கு கையில் உள்ளவர்கள் கேட்டால், மற்றவர்கள் அவர்கள் பாகத்தை மதிப்பு விலைக்கு வாங்க அனுமதி கேட்கலாம். தம்பியிடம் கால் பாகம்தான் என்பதால் அவர் தனியாக இதைத் தொடங்க முடியாது. தங்கையும் அவர் பக்கம் சாய்ந்தால் பாதி ஆகிவிடும், அப்போது இது பயன்படும்.

யாருக்கு எது கிடைக்காது என்பதையும் பார்க்க வேண்டும். அப்பா உயில் எழுதியிருந்தால் 22-ஆம் பிரிவு இல்லை. ஏற்கெனவே பாகம் பிரித்துப் பதிவு செய்துவிட்டாலும் இல்லை. சொத்து அம்மா பெயரில் இருந்தது என்றால் சிக்கல் வரும், ஏனென்றால் பிரிவு பேசுவது முதல் வகுப்பு வாரிசுகளைப் பற்றி, பெண்ணின் சொத்துக்கான வாரிசுகளோ 15-ஆம் பிரிவில் வருகிறார்கள். எதிர்த்தரப்பு இதைக் கட்டாயம் கிளப்பும். முஸ்லிம், கிறித்தவக் குடும்பங்களுக்கு 22 கிடையாது. ஆனால் 4-உம் 44-உம் மதம் பார்ப்பதில்லை, வீடாக இருந்தால் போதும். வயல் என்றால் நேர் எதிர். 4-ஆம் பிரிவு குடியிருப்பு வீட்டுக்கு மட்டும்தான், வயலுக்கு 22-தான் துணை. விவசாய நிலத்துக்கும் 22 பொருந்தும் என்று 2019 மார்ச்சில் பாபு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, பல வருடச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது.

நம் அண்ணனுக்கு நான் சொல்வது 22-ஆம் பிரிவைத்தான், அதுவும் இந்த வாரமே. தம்பிக்கும், பேசி வைத்திருக்கும் அந்த வாங்குபவருக்கும் பதிவு வசதியுள்ள ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அப்பா இறந்த தேதி, வாரிசுகள் யார், சொத்தின் சர்வே எண், தான் வாங்கத் தயார் என்பது, விலையில் ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் போவேன் என்பது, இவ்வளவும் அதில் இருக்கட்டும். வாங்குபவர் பிறகு "எனக்கு எதுவும் தெரியாது, நம்பி வாங்கினேன்" என்று சொல்ல முடியாமல் போகும். அனுபவத்தில், விஷயம் தெரிந்த வாங்குபவர்கள் பாதிப் பேர் இந்தத் தபாலைப் பார்த்தே விலகிவிடுகிறார்கள். அதன் பிறகு தம்பி உட்கார்ந்து பேசுவார். பேசி முடிந்தால் கிரயப் பத்திரமா, பாகத்தை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரமா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு உண்டு, 20 லட்சத்துக்கு எழுதும் கிரயத்தோடு ஒப்பிட்டால் செலவு பல மடங்கு குறையும்.